நினைவூட்டும் போன்: கேலண்டரா, ரிமைண்டரா?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், குழுக் கணக்குகளைப் பார்த்துவரும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாசம் கூட்டம் முடிஞ்சு வாசலில் நின்னுக்கிட்டிருந்தப்ப ரெண்டு பேரு ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒரு அக்கா, "போனில் எல்லாத் தேதியும் போட்டுத்தான் வச்சிருந்தேன், மணியும் அடிச்சுது, அப்படியும் கரண்ட் பில் கட்ட மறந்துட்டேன்" என்றார். இன்னொரு தங்கை அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவள். அவளும் தேதி போட்டு வைத்திருந்தாள். கடைசி நாள் காலையில் போன் சரியாக ஒலித்தது. ஆனால் அன்றைக்கு அவள் கையில் சாதிச் சான்றிதழ் இல்லை, கையெழுத்தை ஸ்கேன் எடுத்து வைக்கவில்லை, வயலில் நடவு வேறு. சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினாள். பணம் கட்டும் பக்கம் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. அந்தத் தேர்வு அவளுக்கு அந்த வருஷம் போயிற்று.

ரெண்டு பேரு போனிலும் பழுது எதுவும் இல்லை. அக்காவுக்கு வேண்டியது ஒருவிதம், தங்கைக்கு வேண்டியது வேறுவிதம். ரெண்டு பேரும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு என்னைப் பேசச் சொன்னதும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

போனில் நினைவூட்டுவதற்கு ரெண்டு வழி இருக்கிறது. ஒன்று கேலண்டர். நம்மில் முக்கால்வாசிப் பேர் வைத்திருக்கும் போனில் கூகுள் கேலண்டர் வாங்கும்போதே இருக்கும். மற்றொன்று ரிமைண்டர் அல்லது டாஸ்க் என்று சொல்லும் வேலைப்பட்டியல். சில போன்களில் இதற்குத் தனி ஆப் இருக்கும். கூகுள் கேலண்டருக்குள்ளேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கேலண்டரைத் திறந்து கீழே இருக்கும் கூட்டல் குறியைத் தொட்டால் Event என்றும் Task என்றும் ரெண்டு வரும். முதலாவது தேதி, இரண்டாவது வேலை. தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

வித்தியாசம் என்ன என்று கேட்பீர்கள். Event என்று போட்டால் அந்த நாளுக்கு முன்னாடியே பலமுறை கதவைத் தட்டச் சொல்லலாம். ரெண்டு வாரம் முன்னால், ஒரு வாரம் முன்னால், ரெண்டு நாள் முன்னால் என்று ஒரே தேதிக்கு ஐந்து தடவை வரைக்கும் அறிவிப்பு வைக்க முடியும். ஆனால் அந்த நாள் தாண்டிவிட்டால் அதுக்கு வாய் இல்லை. நீங்கள் பில் கட்டினீர்களா இல்லையா என்று அது கேட்காது, அதற்குத் தெரியவும் தெரியாது. Task அப்படி இல்லை. அது நீங்கள் சொன்ன நேரத்துக்கு ஒரே ஒருமுறைதான் தட்டும். ஆனால் "முடிந்தது" என்று நீங்கள் தொடும் வரைக்கும் பட்டியலை விட்டுப் போகாது. நாள் தாண்டினாலும் முடியாத வேலை என்று இன்றைய தேதியின் தலைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்று முன்னாடி பலமுறை தட்டும், பின்னாடி பேசாது. மற்றது ஒருமுறை தட்டும், முடிக்கிற வரைக்கும் போகாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு நம்ம ரெண்டு பேர் கதைக்கு வாங்க.

முதலில் கரண்ட் பில். அக்கா கேலண்டரில் Event ஆகப் போட்டிருந்தார். காலை பத்து மணிக்கு அறிவிப்பு வந்தது. அவர் அப்போது நூறு நாள் வேலையில் இருந்தார். "சாயங்காலம் கட்டுவோம்" என்று விரலால் தள்ளிவிட்டார். தள்ளியதோடு அது போயே போச்சு. சாயங்காலம் நினைவூட்ட யாரும் இல்லை. நாலு நாள் கழித்து பீஸைப் பிடுங்க ஆள் வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. பில் என்பது தேதி தாண்டினாலும் தீராத கடன். கட்டுகிற வரைக்கும் நம்ம தலையில்தான் இருக்கும். ஆகவே அதற்கு ஏற்றது Task.

ஆனால் கரண்ட் பில்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதில்தான் நானே ஒருமுறை ஏமாந்தேன். நம்ம ஊரில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். ரீடிங் எடுத்த தேதியிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். எனக்குப் பிப்ரவரி 4-ஆம் தேதி எடுத்தார்கள். கடைசித் தேதி 24. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை 24-ஆம் தேதி என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஏப்ரலில் 1-ஆம் தேதியே ரீடிங் எடுத்துவிட்டார்கள். கடைசித் தேதி 21. என் போன் 24-இல் ஒலித்தது, மூணு நாள் கழித்து!

ரீடிங் எடுக்கும் நாள் மூணு நாலு நாள் முன்னே பின்னே ஆகும். அதனால் கடைசித் தேதியையே ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வரும்படி போடக்கூடாது. நான் இப்போது இப்படிச் செய்கிறேன். எங்களுக்கு இரட்டைப்படை மாசம். ஒவ்வொரு இரட்டைப்படை மாசமும் 6-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு ஒரு Task வரும்: "ரீடிங் எடுத்தாச்சா? கடைசித் தேதி என்ன?" திரும்பத் திரும்ப வர வேண்டியது இது ஒன்றுதான். எடுத்திருந்தால் அட்டையில் குறித்த தேதியைப் பார்ப்பேன், அல்லது போனுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் கடைசித் தேதி இருக்கும். அதைப் பார்த்து, அதற்கு ஐந்து நாள் முன்னால் "கரண்ட் பில் கட்ட" என்று புதிதாக ஒரு Task போடுவேன். அது அந்த ஒரு தடவைக்கு மட்டும். அதன் பிறகுதான் முதல் வேலையை முடிந்தது என்று தொடுவேன். இன்னும் ரீடிங் எடுக்கவில்லை என்றால் தொட மாட்டேன். அது பாட்டுக்குப் பட்டியலின் தலையில் உட்கார்ந்திருக்கட்டும்.

ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை என்று எப்படிப் போடுவது? Task எழுதும் இடத்தில் Does not repeat என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் தினமும், வாரமும், மாசமும், வருஷமும் என்று வரும். ரெண்டு மாசம் என்பது அந்த வரிசையில் இருக்காது. கடைசியில் Custom என்று இருப்பதைத் தொட்டு, எண்ணை 2 என்று மாற்றி, மாதம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இதே வரிகள் தமிழில் இருக்கும், இடம் மாறாது. நேரத்தையும் மறக்காமல் போடுங்க. நான் ராத்திரி எட்டு மணி என்று வைத்ததற்குக் காரணம், அந்நேரம் போன் என் கையில் இருக்கும், பகலில் அது என் மகன் கையில். யார் கையில் எப்போது போன் இருக்கும் என்று பார்த்து நேரம் வைக்காவிட்டால், உங்கள் பில்லைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பையனுக்குத்தான் தகவல் போகும்!

இந்த இடத்தில் ஒரு சின்னச் சமாச்சாரம். "இன்று இரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்" என்று எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பணம் பறிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பில் கட்டியதும் Task-ஐ முடித்தது என்று தொட்டு வைத்திருந்தால், முடிந்த வேலைகளில் அது இருக்கும். திறந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் பொய் என்று தெரிந்துவிடும்.

குழுக் கடன் தவணைக்கு இந்தச் சிக்கல் கிடையாது, தேதி மாறாது. மாசாமாசம் ஒரே தேதி என்று போட்டால் போதும். ஆனால் 29, 30, 31 ஆகிய தேதிகளில் மட்டும் வைக்காதீர்கள். மாசாமாசம் 31 என்று கேலண்டரில் போட்டால், 31 இல்லாத மாசங்களை அது தாண்டிப் போய்விடும். 30-க்கு நகர்த்தும் என்று நினைப்போம், நகர்த்தாது. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர், பிப்ரவரி, ஐந்து மாசம் சத்தமே இருக்காது. 30 என்று போட்டாலும் பிப்ரவரி போய்விடும். தவணை மாசக் கடைசியில் என்றால் 25-ஆம் தேதி போட்டுவிடுங்க. பணம் புரட்டவும் நாலு நாள் கிடைக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை வருவதுதான் நம்ம எல்லாருக்கும் அதிகம் மறப்பது. குழுவில் பலர் பிரதமர் பெயரில் உள்ள ரெண்டு காப்பீட்டுத் திட்டங்களிலும் சேர்ந்திருக்கிறோம். ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய், ரெண்டும் சேர்ந்து 456 ரூபாய். காப்பீட்டு வருஷம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாசக் கடைசியில் வங்கியே நம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாம் போய்க் கட்ட வேண்டியதில்லை. ஆனால் எடுக்கும்போது கணக்கில் பணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பீடு நின்றுபோகும், யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். ஆகவே வருஷாவருஷம் மே 15 என்று ஒரு Task: "கணக்கில் 456 இருக்கா?" பார்த்துவிட்டு, இருந்தால் தொடுங்க. ஜூன் முதல் வாரத்தில் இன்னொன்று: "பிடித்தார்களா, பாஸ்புக் என்ட்ரி போட." இந்த ரெண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

இனி தேர்வுக்கு வருவோம். தங்கை விஷயம் நேர்மாறு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இரவு 11.59 என்றால், அதற்குப் பிறகு அதை நினைவூட்டி என்ன பிரயோஜனம்? முடிக்காத வேலை என்று பட்டியலில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். இங்கே வேண்டியது முன்னாடி பலமுறை தட்டுவது. ஆகவே Event.

அவளுக்கு அடுத்த தேர்வு அறிவிப்பு வந்தபோது ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டோம். கடைசித் தேதி 28. தலைப்பை வெறுமனே "விண்ணப்பம்" என்று போடவில்லை. "விண்ணப்பம் கடைசி நாள் 28, நம் கடைசி நாள் 21" என்று முழுசாக எழுதினோம். அறிவிப்பு வரும்போது திரையில் தெரிவது தலைப்பு மட்டும்தானே. அதன் கீழே Add notification என்பதைத் தொட்டுத் தொட்டு மூன்று அறிவிப்பு வைத்தோம். ரெண்டு வாரம் முன்னால் ஒன்று, அது காகிதங்கள் தேடுவதற்கு. ஒரு வாரம் முன்னால் ஒன்று, அது சென்டருக்குப் போய் விண்ணப்பித்துப் பணமும் கட்டிவிட. ரெண்டு நாள் முன்னால் ஒன்று, முதல் ரெண்டும் தப்பிப்போனால் அதற்கு. குறிப்பு எழுதும் இடத்தில் என்னென்ன வேண்டும் என்று எழுதினாள்: புகைப்படம், கையெழுத்து ஸ்கேன், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஏ.டி.எம். அட்டை. பாஸ்வேர்டையும் எழுதப் போனாள், நான்தான் தடுத்தேன். வீட்டில் எல்லார் கையிலும் புழங்குகிற போனில் அது வேண்டாம். நோட்டில் எழுதி பீரோவில் வைக்கச் சொன்னேன்.

இங்கே ஒரு வரம்பு இருக்கிறது. கூகுள் கேலண்டரில் அறிவிப்பை நாலு வாரத்துக்கு மேல் முன்னால் வைக்க முடியாது. சான்றிதழ் வாங்க ரெண்டு மாசம் ஆகும் என்றால் அதற்குத் தனியாக ஒரு தேதி போட்டுக்கொள்ள வேண்டும்.

அரசுப் பணித் தேர்வாணையத் தேர்வு எழுதுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒருமுறைப் பதிவு என்பது வேறு, ஒவ்வொரு தேர்வுக்கும் விண்ணப்பிப்பது வேறு. 150 ரூபாய் கட்டிச் செய்யும் அந்தப் பதிவு ஐந்து வருஷம் செல்லும். அது இருந்தாலும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பதிவு எப்போது முடிகிறது என்பதையும் அதற்கு ஒரு மாசம் முன்னால் கேலண்டரில் போட்டு வையுங்க. அப்புறம், கடைசி நாளுக்குப் பிறகு விண்ணப்பத்தைத் திருத்தச் சில நாள் கொடுப்பார்கள். "அதான் இன்னும் நாள் இருக்கே" என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அது ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள் தப்பைத் திருத்துவதற்கு மட்டும். தேர்வு நாளும், ஹால் டிக்கெட் இறக்க வேண்டியதும் தனித்தனித் தேதிகள். ஹால் டிக்கெட் தபாலில் வராது.

Event போடும்போது தங்கை முதலில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். நேரம் போடாமல் All day என்று விட்டிருந்தாள். கேலண்டரில் நேரம் போட்டவைக்கு ஒரு வழக்கமான அறிவிப்பு, முழுநாள் என்று போட்டவைக்கு வேறொரு வழக்கமான அறிவிப்பு, ரெண்டும் செட்டிங்ஸில் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. அதனால் எப்போது ஒலிக்கும் என்று நமக்கே தெரியாமல் போகிறது. முழுநாளை நீக்கிவிட்டு, மாலை ஏழு மணி மாதிரி ஒரு நேரம் போட்டுவிட்டால் குழப்பம் இல்லை. மூணு அறிவிப்பும் அந்த ஏழு மணிக்கே வரும்.

தனியாக ஒரு ரிமைண்டர் ஆப் இறக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். நல்லவை இருக்கின்றன. ஒரு முறைக்குப் பல முறை தட்டி, தொடும் வரை விடாமல் கூப்பிடுகிற ஆப்களும் உண்டு. ஆனால் எனக்கு ரெண்டு தயக்கம். பில் கட்டும் தேதியைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று, நமக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் படிக்க அனுமதி கேட்கிறவை இருக்கின்றன. வங்கியின் ஓ.டி.பி.யும் அதே எஸ்.எம்.எஸ்.ஸில்தானே வருகிறது? அப்படிக் கேட்டால் நான் வேண்டாம் என்பேன். ரெண்டாவது, போட்டு வைத்ததெல்லாம் அந்தப் போனுக்குள்ளேயே கிடக்கிற ஆப்களும் இருக்கின்றன. போன் தொலைந்தால் அத்தனையும் தொலைந்தது. கேலண்டரில் உங்கள் ஜிமெயில் கணக்கின் கீழ் எழுதியிருந்தால், புதுப் போனில் அதே கணக்கைப் போட்டதும் எல்லாம் திரும்பி வரும். எழுதும்போது உங்கள் மெயில் பெயர் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்க. பிள்ளையின் மெயில் தெரிந்தால், அது பிள்ளையின் கணக்கில்தான் போய்ச் சேரும்.

கடைசியாக, எல்லாம் சரியாகப் போட்டும் ஒலிக்காமல் போவது. இது அடிக்கடி நடக்கிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில போன்கள் நாம் அதிகம் திறக்காத ஆப்களைத் தூங்க வைத்துவிடும். புதிதாக இறக்கும் ஆப் "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்கும்போது, என்ன என்று படிக்காமல் வேண்டாம் என்று அழுத்தியிருப்போம். அப்புறம் அது ஊமைதான்.

கண்டுபிடிக்க வழி சுலபம். இன்றைக்கு ராத்திரி படுக்கும் முன்னால், நாளைக்குக் காலை ஆறு மணிக்கு "சோதனை" என்று ஒரு Task-உம் ஒரு Event-உம் போடுங்க. Event-க்கு அறிவிப்பு அதே நேரத்தில் வரும்படி வையுங்க. சார்ஜரில் போடாமல், திரையை அணைத்து, போனைத் தொடாமல் வைத்துவிடுங்க. பத்து நிமிஷம் கழித்து வரும்படி வைத்துப் பார்த்தால் போதாது. கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது எல்லாப் போனும் ஒலிக்கும். ராத்திரி முழுக்கக் கிடந்த பிறகு ஒலிக்கிறதா என்பதுதான் கேள்வி. காலையில் ஆறு மணிக்கு ரெண்டும் வந்துவிட்டால் கவலையில்லை. நீங்கள் போனைத் திறந்த பிறகு தாமதமாக வந்தால், பேட்டரிதான் காரணம். செட்டிங்ஸில் ஆப்ஸ் என்பதற்குள் போய், கேலண்டரைத் தொட்டு, பேட்டரி என்பதில் Unrestricted என்று வைக்க வேண்டும். சில கம்பெனிப் போன்களில் Autostart என்று ஒன்று தனியாக இருக்கும், அதையும் திறந்துவிட வேண்டும். திறந்த பிறகும் வரவே இல்லை என்றால், அதே இடத்தில் அறிவிப்புகள் என்பது அணைந்திருக்கும், அதைப் போடுங்க. ஒன்று வந்து ஒன்று வராமல் போனாலும் இங்கேதான் பார்க்க வேண்டும். கேலண்டரின் அறிவிப்புகளுக்குள் நிகழ்ச்சிக்கும் வேலைக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கும்.

கரண்ட் பில் மறந்த அக்காவின் போனில் போன வாரம் இந்தச் சோதனையைச் செய்தோம். காலை ஆறு மணிக்கு வர வேண்டியது, ஏழேகாலுக்கு அவர் போனைத் திறந்ததும் வந்தது. பேட்டரியை மாற்றிவிட்டு மறுநாள் பார்த்தோம், ஆறுக்கே ஒலித்தது. "கோழி கூவுறதுக்குள்ள எழுப்பிட்டியே" என்று எனக்குத் திட்டு விழுந்தது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஈ.பி. அட்டையும் பாஸ்புக்கும் போனோடு எடுத்து வாங்க. சோதனை யாருக்கு எத்தனை மணிக்கு ஒலித்தது என்று ஒரு சீட்டில் எழுதி ஊக்குநரிடம் கொடுங்க. ஒலிக்காதவர்கள் அரைமணி முன்னாடியே வந்தால், கூட்டம் தொடங்குவதற்குள் உட்கார்ந்து சரி பண்ணிவிடலாம்.